மாவு விற்கும் வீட்டுக்கு விளம்பரம் எத்தனை கிலோமீட்டர் போகவேண்டும்?

கேள்வி: தாம்பரம் பக்கம் சேலையூர் கேம்ப் ரோட்டில் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறேன். கிலோ 65 ரூபாய். மாலையில் கணவர் பைக்கில் கொண்டுபோய்க் கொடுப்பார். ஃபேஸ்புக்கில் ஊர் சென்னை என்று போட்டு 1500 ரூபாய்க்கு விளம்பரம் செய்தேன். 60 பேர் விசாரித்தார்கள், பாதிப் பேர் போரூர், அண்ணாநகர் என்று தூரத்தில் இருப்பவர்கள். 11 பேர் வாங்கினார்கள், இப்போது தொடர்ந்து வாங்குவது 3 வீடுதான். எத்தனை கிலோமீட்டர் வரை டெலிவரி வைக்கலாம்? அக்கம்பக்கத்து வீடுகளுக்கு மட்டும் விளம்பரம் போக என்ன செய்ய? வாங்கியவர்கள் திரும்ப வாங்க என்ன வழி? படப்பையில் அண்ணன் கீரை போடுகிறார், அதையும் சேர்த்து விற்கலாமா?

பதில்:

முதலில் அந்த 1500 ரூபாயைப் பார்ப்போம். அதை 60 விசாரிப்பாலோ 11 ஆர்டராலோ வகுக்காதீர்கள். நிலைத்த 3 வீட்டால் வகுங்கள். ஒரு வீட்டைப் பிடிக்க 500 ரூபாய் ஆகியிருக்கிறது. அது அதிகமா இல்லையா என்பது ஒரு கிலோ பாக்கெட்டில் உங்கள் கையில் என்ன மிஞ்சுகிறது என்பதைப் பொறுத்தது. அந்த மிச்சத்தைத் தீர்மானிப்பது அரிசி விலையைவிட, பைக் நிற்கும் இடங்களுக்கு நடுவே உள்ள தூரம்தான்.

ஒரு கணக்கு போடுகிறேன். விலைகளை உங்கள் கடை விலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இட்லி அரிசி ஒரு கிலோ 50 ரூபாய், உளுந்து கால் கிலோ 32 ரூபாய், வெந்தயமும் உப்பும் 3 ரூபாய் என்று வைத்தால் 85 ரூபாய் சரக்கு. கிரைண்டரில் அது சுமார் 3 கிலோ மாவாக வரும். கிலோவுக்கு 28 ரூபாய். கவர், கரண்ட், தண்ணீர் 7 ரூபாய். ஆக அடக்கம் 35, விற்பது 65, மிச்சம் 30.

இந்த 30 ரூபாயில்தான் டெலிவரி நடக்கவேண்டும். உங்கள் கணவரின் நேரத்துக்கு மணிக்கு 100 ரூபாய் போடுங்கள். வீட்டு ஆள்தானே என்று அதை விட்டுவிட்டால் கணக்கு லாபமாகத் தெரியும், மூன்று மாதத்தில் அவர் அலுத்துப்போவார். இரண்டு மணி நேரத்தில் 12 இடத்துக்குப் போய் 12 கிலோமீட்டர் ஓடினால், நேரம் 200, பெட்ரோல் 30, மொத்தம் 230 ரூபாய். ஒரு வீட்டுக்கு 19 ரூபாய் போய்விடும், மிஞ்சுவது 11. அதே இரண்டு மணி நேரத்தில், இரண்டு மூன்று அடுக்குமாடிகளிலும் நாலைந்து தெருக்களிலும் அடுத்தடுத்து இருக்கும் 24 வீடுகளுக்குப் போனால் ஓடுவது 8 கிலோமீட்டர்தான். செலவு சுமார் 220 ரூபாய். ஒரு வீட்டுக்கு 9, மிஞ்சுவது 21.

இப்போது 500 ரூபாய்க்கு வாருங்கள். பாக்கெட்டுக்கு 11 ரூபாய் மிஞ்சினால் அந்த 500 திரும்பிவர 46 ஆர்டர் வேண்டும். வாரம் இரண்டு பாக்கெட் வாங்கும் வீட்டில் அது ஐந்து மாதத்துக்கு மேல். ஒரு வீட்டுக்கு 100 ரூபாய் செலவில் ஆள் பிடித்து, பாக்கெட்டுக்கு 21 மிஞ்சவைத்தால் 5 ஆர்டரில் பணம் திரும்பிவிடும். மாவு அதேதான், விலையும் அதேதான். வீடுகள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பது மட்டும்தான் மாறியிருக்கிறது.

சரி, எத்தனை கிலோமீட்டர்? எல்லையை இரட்டிப்பாக்கினால் வட்டத்தின் பரப்பு நாலு மடங்காகும் என்பதை மனதில் வையுங்கள். 2 கிலோமீட்டர் வட்டம் சுமார் 12.5 சதுர கிலோமீட்டர், 4 கிலோமீட்டர் வட்டம் 50. அதே எண்ணிக்கை ஆர்டர்கள் பெரிய வட்டத்தில் சிதறினால் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடைவெளி கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். தொடக்கத்தில் ஆர்டர் குறைவாக இருக்கும்போது வட்டத்தைப் பெரிதாக்கத் தோன்றும். ஆனால் அப்போதுதான் சின்னதாக வைக்கவேண்டும்.

தவிர, வட்டமே உங்கள் ஊருக்குப் பொருந்தாது. கேம்ப் ரோட்டை மையமாக வைத்து 3 கிலோமீட்டர் வரைந்தால் அது ரயில் பாதையைத் தாண்டி மேற்குத் தாம்பரத்தைத் தொடும். வரைபடத்தில் அது பக்கம், மாலை ஆறரை மணிக்கு தாம்பரம் நெரிசலில் பாதையைக் கடந்து போய் வருவது வேறு விஷயம். இன்னொரு பக்கம் விமானப்படைத் தளம் பெரிய இடத்தை அடைத்திருக்கிறது, அதற்குள் உங்களுக்கு வீடு கிடையாது. நடுநடுவே ஏரிகள். அதனால் கிலோமீட்டரை விட்டுவிட்டு நேரத்தால் எல்லை போடுங்கள். மாலை 6 மணிக்குக் கணவரை வண்டியில் போகச் சொல்லி, எந்தத் திசையில் 10 நிமிடத்தில் எதுவரை போகமுடிகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். வேளச்சேரி சாலையோடு ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் ஒரு நீளம், அகரம்தென் சாலையில் ஒரு நீளம், கிழக்குத் தாம்பரம் பக்கம் கொஞ்சம் என்று கோணல்மாணலாக ஒரு உருவம் வரும். அதுதான் உங்கள் எல்லை.

மாவுக்கு இன்னொரு எல்லையும் இருக்கிறது, அது வெயில். மதியம் அரைத்து, புளிக்காமல் பாக்கெட் போட்டு, ஃபிரிட்ஜில் வைத்து மாலை எடுத்தால் இரண்டு மணி நேரம் தாங்கும். மே மாதத்தில் அதுவே சந்தேகம், ஐஸ் பேக் வைத்த தெர்மோகோல் பெட்டி வேண்டும். புளித்த மாவு பொங்கிக்கொண்டே இருக்கும், கவர் உப்பி ஒட்டிய இடம் விட்டுப்போகும். ஆகவே புளித்த மாவை வீட்டுக்கு வந்து வாங்குபவர்களுக்கும் உங்கள் தெருவுக்கும் மட்டும் வையுங்கள். வண்டியில் போவது அன்று அரைத்த பச்சை மாவாக இருக்கட்டும். கவரில் நாலில் ஒரு பங்கு காலி இடம் விடுங்கள். அடுக்குமாடி வாசலில் செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டு வருவதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். அவர் மேசையில் வெக்கையில் ஒரு மணி நேரம் கிடந்த பாக்கெட்டுக்கும் பழி உங்களுக்குத்தான்.

இனி விளம்பரம். ஃபேஸ்புக்கில் பதிவுக்குக் கீழே இருக்கும் பூஸ்ட் பொத்தானை அழுத்தி ஊர் பெயர் கொடுத்தால் ஊர் முழுக்கவும் சுற்றுப்புறமும் போகும். போரூரும் அண்ணாநகரும் அப்படித்தான் வந்தன. ஊர் பெயரை எடுத்துவிட்டு வரைபடத்தில் பின் குத்துங்கள். ஒரு பின்னைச் சுற்றி 1 கிலோமீட்டர் வரை சுருக்க முடியும். ஒரே பெரிய வட்டத்துக்குப் பதிலாக, 10 நிமிட உருவத்துக்குள் 1 கிலோமீட்டர் வட்டங்கள் இரண்டு அல்லது மூன்று போடுங்கள். கேம்ப் ரோடு சந்திப்பில் ஒன்று, ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒன்று போதும். வட்டம் வேண்டாத பக்கம் நீண்டால், அந்த இடத்தில் இன்னொரு பின் குத்தி விலக்கிவிடலாம்.

அப்படிச் செய்தும் சிலர் தவறாக வருவார்கள். அந்த வட்டத்தில் குடியிருப்பவர்களோடு, சமீபத்தில் அங்கே வந்துபோனவர்களுக்கும் விளம்பரம் காட்டப்படும். உங்கள் பக்கம் கல்லூரிகள் உண்டு, தாம்பரம் ஸ்டேஷன் கூட்டம் உண்டு. விடுதி மாணவருக்கு மாவு எதற்கு? இவர்களை அமைப்பில் முழுதாகத் தடுக்க முடியாது, எழுத்தில்தான் வடிகட்டவேண்டும். விளம்பரத்தின் முதல் வரியிலேயே இடமும் கிழமையும் வரட்டும். இப்படி:

“கேம்ப் ரோடு, ராஜகீழ்ப்பாக்கம் வீடுகளுக்கு மட்டும். மதியம் அரைத்த இட்லி மாவு, புதன், சனி மாலை 6 முதல் 8 மணிக்குள் வாசலுக்கு வரும். சோடா இல்லை. கிலோ 65 ரூபாய், டெலிவரி இலவசம். உங்கள் தெருப் பெயரை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.”

விலையை மறைக்கவேண்டாம். மறைத்தால் வருகிற செய்திகளில் பாதி “எவ்வளவு?” என்பதாகவே இருக்கும். தெருப் பெயரைக் கேட்பது இன்னும் முக்கியம். தெருப் பெயர் சொன்னவர் வாங்கும் எண்ணத்தோடு வந்தவர். உங்களுக்கும் ஒரே பார்வையில் எல்லைக்குள்ளா வெளியேவா என்று தெரிந்துவிடும். படத்துக்கு இணையத்திலிருந்து எடுத்த பளபள இட்லி வேண்டாம், உங்கள் கிரைண்டரும் பாக்கெட்டும் இருக்கட்டும். பாக்கெட்டில் அரைத்த தேதி, எடை, சேர்மானம், எஃப்எஸ்எஸ்ஏஐ உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண் எல்லாம் படத்திலேயே படிக்கமுடிந்தால், முன்பின் தெரியாத வீட்டில் மாவு வாங்கத் தயங்குபவருக்கு அது போதும். எண் இன்னும் எடுக்கவில்லை என்றால் விளம்பரத்துக்கு முன் foscos.fssai.gov.in தளத்தில் பதிவு செய்துவிடுங்கள்.

பணத்தை நாள்தோறும் சொட்டுச்சொட்டாக விடாதீர்கள். சனிக்கிழமை மாலை மாவுதான் அதிகம் போகும், ஞாயிறு காலை எல்லா வீட்டிலும் இட்லியோ தோசையோதான். எனவே வியாழன் காலை தொடங்கி சனி மதியம் வரை, நாளுக்கு 150 ரூபாய். அதாவது ஒரு வாரத்துக்கு 450. சின்ன வட்டத்தில் ஆட்கள் குறைவு என்பதால் அதே முகங்களுக்கே திரும்பத் திரும்பக் காட்டும். விளம்பரக் கணக்கில் ஃப்ரீக்வன்சி என்று ஒரு எண் வரும், ஒருவர் சராசரியாக எத்தனை முறை பார்த்தார் என்பது அது. அது 3, 4-ஐத் தாண்டி, புதுச் செய்திகள் நின்றுபோனால் விளம்பரத்தை நிறுத்துங்கள். இரண்டு மூன்று வாரம் விட்டு வேறு படத்தோடு போடுங்கள். அந்த இடைவெளியில் வட்டத்தைப் பெரிதாக்கும்படி ஃபேஸ்புக் யோசனை சொல்லும். அதைக் கேட்கவேண்டாம்.

இதோடு கூகுளில் ஒரு வணிகப் பக்கம் இலவசமாக வைத்துக்கொள்ளலாம். வீட்டு முகவரியை மறைத்து, சேவைப் பகுதி என்ற இடத்தில் ஏரியா பெயரோ பின்கோடோ கொடுக்கவேண்டும். சேலையூருக்கு 600073, கிழக்குத் தாம்பரத்துக்கு 600059. சென்னை என்று கொடுத்தால் பழைய கதைதான். பேப்பர் போடும் ஏஜெண்டிடம் நோட்டீஸ் வைக்கச் சொல்வதும் உங்கள் தொழிலுக்கு நல்ல வழி. எந்தப் பையன் எந்தத் தெருவுக்குப் போகிறான் என்று கேட்டு, வேண்டிய தெருக்களுக்கு மட்டும் வைக்கலாம். அந்தத் துல்லியம் எந்த வட்டத்திலும் கிடைக்காது. நோட்டீஸை சனிக்கிழமை காலைப் பேப்பரில் வையுங்கள்.

இனி உங்கள் 11 பேரில் 8 பேர் ஏன் போனார்கள் என்பதைப் பார்ப்போம். சிலர் தூரத்தில் இருப்பவர்கள், அடுத்த முறை நீங்களே தயங்கியிருப்பீர்கள். ஆனால் பக்கத்தில் இருந்தும் போனவர்கள் இருந்தால் பெரும்பாலும் காரணம் இதுவாக இருக்கும்: பச்சை மாவை வாங்கி நேராக ஃபிரிட்ஜில் வைத்திருப்பார்கள். கடை மாவு புளித்தே வரும், அந்தப் பழக்கம். மறுநாள் இட்லி கல் மாதிரி வந்திருக்கும். அவர்கள் உங்களிடம் புகார் சொல்லமாட்டார்கள், வாங்குவதை நிறுத்திவிடுவார்கள்.

அதனால் முதல் பாக்கெட்டோடு ஒரு சின்னச் சீட்டு போகட்டும், வாட்ஸ்அப்பிலும் அதே செய்தி: “இது இன்று மதியம் அரைத்தது. பெரிய பாத்திரத்தில் ஊற்றி, இரவு வெளியே வையுங்கள். காலையில் பொங்கியிருக்கும். இட்லி ஊற்றிவிட்டு மீதியை ஃபிரிட்ஜில் வையுங்கள். வாங்கும் அன்று இரவே தோசை வேண்டும் என்றால் முன்கூட்டிச் சொல்லுங்கள், புளித்தது தனியாக எடுத்துவைக்கிறோம், வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம்.” கோடையில் ஆறேழு மணி நேரத்தில் பொங்கிவிடும், மார்கழியில் பத்துப் பன்னிரண்டு ஆகும். சீட்டைக் காலத்துக்குத் தகுந்தபடி மாற்றுங்கள். மறுநாள் காலை எட்டரை மணி வாக்கில் “இட்லி எப்படி வந்தது?” என்று ஒரு வரி கேளுங்கள். முதல் முறை வாங்கியவர்களிடம் மட்டும் போதும். சரியாக வரவில்லை என்று சொன்னால் அடுத்த பாக்கெட்டைக் காசு வாங்காமல் கொடுங்கள். அதில் உங்களுக்குப் போவது 35 ரூபாயும் வண்டிச் செலவும். அந்த வீட்டை மறுபடி விளம்பரத்தில் தேடிப் பிடிக்க அதற்குமேல் ஆகும்.

இரண்டாவது, அவர்கள் உங்கள் எண்ணைச் சேமித்திருக்கவேண்டும். வாட்ஸ்அப்பின் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் பதிந்தவர்களுக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச்சேரும். நிறையப் பேர் பட்டியலில் ஆளைச் சேர்த்துவிட்டு, ஆர்டர் வரவில்லையே என்று உட்கார்ந்திருப்பார்கள், செய்தியே போயிருக்காது. ஒற்றை டிக்கிலேயே நிற்பவர்கள் யார் என்று செய்தி விவரத்தில் பாருங்கள். முதல் டெலிவரியின்போது கணவரையே வாசலில் நின்று, “கேம்ப் ரோடு மாவு என்று எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள், என்றைக்கு வரும் என்று சொல்லிவிடுவோம்” என்று சொல்லச் சொல்லுங்கள். எல்லா வாடிக்கையாளரையும் ஒரே குழுவில் போடவேண்டாம். ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரிவதைப் பல வீடுகளில் விரும்பமாட்டார்கள். ஒரு நாள் மாவு தாமதமானால் அத்தனை பேரும் அதைப் படிப்பார்கள்.

பட்டியலைத் தெருவாரியாகப் பிரியுங்கள். வாட்ஸ்அப் பிசினஸில் லேபிள் வசதி இருக்கிறது. முந்தைய நாள் இரவு ஏழரைக்கு ஒரே ஒரு செய்தி போதும்: “நாளை மாலை உங்கள் தெருவுக்கு மாவு வருகிறது. வேண்டுமென்றால் காலை 9 மணிக்குள் 1 அல்லது 2 என்று அனுப்புங்கள்.” அரிசி ஊறவைக்கும் நேரத்துக்கு முன் கணக்குத் தெரிந்தால் மாவு மிஞ்சாது. நான்கு ஐந்து முறை தொடர்ந்து வாங்கிய வீட்டைத் தினக் கணக்கிலிருந்து நிரந்தரக் கணக்குக்கு மாற்றப் பாருங்கள். வாரம் இரண்டு பாக்கெட், மாதத்துக்கு எட்டு, வேண்டாத நாளுக்கு முந்தைய நாள் சொன்னால் போதும். ஆவின் மாத அட்டைக்கு முன்பணம் கட்டிப் பழகிய வீடுகளுக்கு இது புதிதில்லை. முன்பணம் வாங்கினால் ஒரு மாதத்துக்கு மேல் வாங்காதீர்கள், கிரைண்டர் பழுதானால் திருப்பிக் கொடுக்கும்படி இருக்கவேண்டும்.

நாட்காட்டியையும் பாருங்கள். அமாவாசை, கிருத்திகை, சனிக்கிழமைகளில் ராத்திரி சோறு சாப்பிடாமல் பலகாரம் சாப்பிடும் வீடுகள் உங்கள் பக்கம் நிறைய உண்டு. அந்த நாட்களில் அன்று இரவே ஊற்றும்படி புளித்த மாவைத்தான் கேட்பார்கள். முதல் நாள் இரவே கொஞ்சம் கூடுதலாக அரைத்து வைக்கவேண்டும். எந்த வீடு அமாவாசைக்கு வாங்குகிறது என்று நோட்டில் குறித்துவைத்து அவர்களுக்கு மட்டும் ஒரு நாள் முன்பே நினைவூட்டினால் போதும்.

விளம்பரத்தைவிட மலிவாக வீடு பிடிக்கும் இடம் ஏற்கெனவே வாங்கும் வீட்டின் பக்கத்து வீடு. ஒரு அடுக்குமாடியில் வண்டியை நிறுத்தி, வாசலில் பெயர் எழுதி, லிஃப்டில் ஏறி இறங்க ஐந்து நிமிடம் ஆகும். அதே கட்டடத்தில் இரண்டாவது வீட்டுக்கு இரண்டு நிமிடம்தான் கூடுதல். அதனால் பொதுவாக ஆள் சேர்த்தால் தள்ளுபடி என்று அறிவிக்காமல், “உங்கள் கட்டடத்தில் இன்னொரு வீடு சேர்ந்தால் இருவருக்கும் ஒரு பாக்கெட் இலவசம்” என்று சொல்லுங்கள். இரண்டு பாக்கெட்டின் அடக்கம் 70 ரூபாய். உங்கள் தங்கை மடிப்பாக்கத்தில் இருக்கிறாரா, அவருக்கும் சொல்லுங்கள் என்று கேட்டால் வரும் ஆர்டர் உங்களுக்குச் சுமை.

கீரைக்கு வருகிறேன். அதற்குத் தனி விளம்பரம் வேண்டாம். மாவு மாலைச் சரக்கு, கீரை காலைச் சரக்கு. படப்பையிலிருந்து விடியற்காலையில் வந்த முளைக்கீரையையும் பொன்னாங்கண்ணியையும் மாலை வரை வைத்திருந்தால் வாடிவிடும், அதை வாங்கியவர் மாவையும் சந்தேகப்படுவார். அண்ணன் வாரத்தில் எந்த நாள் தாம்பரம் பக்கம் வருகிறாரோ அந்த ஒரு நாள் காலை, நிரந்தரக் கணக்கு வைத்திருக்கும் வீடுகளுக்கு மட்டும், முந்தைய நாள் மதியத்துக்குள் சொன்ன கட்டுகளை மட்டும் அறுக்கச் சொல்லிக் கொடுங்கள். பத்துப் பதினைந்து வீடு நிரந்தரமாகும்வரை அதைத் தொடங்கவேண்டாம். அதற்குமுன் கீரைக்காக ஒரு காலைச் சவாரி கட்டாது. முருங்கைக்கீரை கொஞ்சம் தாங்கும், மாலை மாவோடு அனுப்பமுடிவது அது ஒன்றுதான்.

தூரத்திலிருந்து கேட்பவர்களை ஒரேயடியாக மறுக்காதீர்கள். ஒவ்வொரு சரக்குக்கும் ஒவ்வொரு எல்லை. இட்லிப் பொடி அரைப்பீர்கள் என்றால் அது அண்ணாநகருக்குக் கூரியரில் போகட்டும், கெடாது. மாவு கேட்டால் “உங்கள் பக்கம் இப்போது வரவில்லை, வரும்போது சொல்கிறேன்” என்று அனுப்பி, ஏரியா பெயரில் லேபிள் போடுங்கள். மேடவாக்கத்தில் ஒரே அடுக்குமாடியிலிருந்து ஏழெட்டுப் பேர் சேர்ந்தால், புதனும் சனியும் அல்லாத ஒரு நாளில், அந்தக் கட்டடத்துக்கு மட்டும் ஒரு நடை போகலாம். ஏழெட்டுப் பேர் ஏழெட்டுத் தெருவில் இருந்தால் போகவேண்டாம்.

இரண்டு மாதம் இப்படி ஓட்டி, மாதக் கடைசியில் மூன்று எண்களை மட்டும் நோட்டில் எழுதுங்கள்: விளம்பரச் செலவு, மூன்றாவது ஆர்டர் கொடுத்த புது வீடுகள், ஒரு மாலைச் சவாரியில் கொடுத்த பாக்கெட். மூன்றாவது ஆர்டரை எட்டிய வீட்டுக்கு 150 ரூபாய்க்குள் செலவாகி, சவாரிக்கு 20 பாக்கெட்டைத் தாண்டினால் ராஜகீழ்ப்பாக்கத்துக்கு அப்பால் இன்னொரு 1 கிலோமீட்டர் வட்டம் சேருங்கள். அதற்கு முன் வேண்டாம்.